திருப்பினாலும் திரும்பாத முகம்

அந்த போட்டோ ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போட்டதில்லை, நாடி பிடித்ததில்லை. பருவை எடுப்பாள், கண்ணுக்குக் கீழே கறுப்பை இறக்குவாள், மாப்பிள்ளையின் தொங்கிய தாடையை ஒரு சுற்றுக் குறைப்பாள். எல்லாம் கம்ப்யூட்டரில். நாற்காலியை விட்டு எழாமல் ஒரு நாளைக்கு இருபது முப்பது முகங்களைக் குணப்படுத்திவிடுவாள். பேரை வைத்தவர் ஸ்டுடியோக்காரர். "எங்க டாக்டரம்மா கை வெச்சா கழுதைக்கும் களை வரும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அளப்பார்.

ஒரு சாயங்காலம் ஒரு வெல்டர் வந்தார். கையில் ஒரு போட்டோ சட்டத்தை, சுடுசோற்றுப் பாத்திரத்தைப் பிடிப்பது மாதிரி, துண்டு சுற்றிப் பிடித்திருந்தார். கண்ணாடிக்குள் ஒரு பெண்ணின் முகம். முகம் என்றால் பாதி முகம். வீட்டுக்குள் மழைத்தண்ணீர் ஏறியதில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு பாதி கரைந்து, வெளுத்து, பாசி மாதிரி ஆகியிருந்தது.

"என் வீட்டுக்காரி அக்கா. செத்துப்போய் மூணு வாரம் ஆச்சு" என்றார். "போன் அதே தண்ணில போச்சு. வேற படமே இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"வீட்டுல படம் எடுக்கிற ஆளே அவதான். எல்லாப் படத்துலயும் நானும் பாப்பாவும் இருப்போம். அவ இருக்க மாட்டா."

டாக்டரம்மா படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கவில்லை. பிரித்தால் இருக்கிற பாதியும் உரிந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தாள். திரையில் இடது பக்கம் முழுசாக வந்தது: ஒரு கண், பாதி மூக்கு, பாதி உதடு, கழுத்தில் விழுந்த முடி. வலது பக்கத்தில் ஒன்றுமில்லை.

"நாளைக்குள்ள முடியுமாக்கா? அவ அண்ணன் தம்பிங்க எல்லாம் வராங்க. சுவத்துல அவ இல்லன்னா நல்லா இருக்காது."

ஸ்டுடியோக்காரர் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்: "கண்ணாடி போட்டு விடுங்க டாக்டரம்மா. பாதி இருக்குல்ல, பாதியைத் திருப்பி ஒட்டினா முழுசு. அவ்வளவுதானே."

கண்ணாடி போடுவது என்பது அந்தக் கடையின் பேச்சு. நல்லா இருக்கிற பாதியை நகல் எடுத்து, இடவலமாகத் திருப்பி, கெட்டுப்போன பாதியின் மேல் வைத்துப் பொருத்துவது. அவளுக்கு அதில் பழக்கம் உண்டு. சட்டைக் காலர், கிழிந்த காது, ஓரத்தில் போன தோள் இப்படிச் சில்லறை இடங்களுக்குப் போட்டிருக்கிறாள். முழு முகத்துக்குப் போட்டதில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்கள் நூற்றைம்பது பார்த்திருந்தாள். கண் இரண்டும் மிளகாய் பட்டது மாதிரி இருந்தது. சரி என்றாள்.

மூக்கின் நடுவில் கோடு போட்டாள். பாதியை எடுத்தாள், திருப்பினாள், ஒட்டினாள். மூக்குத் தண்டில் தையல் தெரிந்த இடத்தை நீவிவிட்டாள். வகிடு கெட்டுப்போன பக்கம் இருந்திருக்க வேண்டும். இந்தப் பாதியில் அது இல்லை. உச்சியில் நேராக ஒரு நடு வகிடு வரைந்துவிட்டாள். அரை மணி நேரம்தான். ஒரு பெண் வந்து திரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முடித்ததும் எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தாள். அதற்குப் பேர் கண்ணாடி பார்ப்பது. போடுவது வேறு, பார்ப்பது வேறு. ஒரே முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். கோணலாகிப்போனாலும் கோணல் தெரியாது. படம் முழுவதையும் ஒரு நொடி இடவலமாகத் திருப்பினால், பழகிய முகம் புது ஆள் மாதிரி எதிரே வந்து நிற்கும். எங்கே கண்ணை இழுத்துவிட்டோம், எந்தத் தாடையை அதிகமாகச் சீவிவிட்டோம் என்று பளிச்சென்று தெரியும். பார்த்து, குறித்துக்கொண்டு, மறுபடி நேராக்கி வைப்பாள். பதினைந்து வருஷமாக அந்தப் பட்டனைத் தட்டித் தட்டி அதன் மேல் எழுத்தே அழிந்துபோயிருந்தது.

தட்டினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை.

கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று நினைத்து இன்னொரு தரம் தட்டினாள். அந்தப் பெண் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி தட்டினாள். மினுக்கென்றுகூட இல்லை. ஓரத்தில் பார்த்தால் படம் திரும்பியிருப்பதாகக் காட்டியது. முகம் மட்டும் திரும்பவில்லை.

அடடா, இரண்டு பாதியும் ஒன்றேதான், திருப்பினால் எப்படித் தெரியும் என்று தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். கோணல் ஒன்றும் கண்ணில் படவில்லை. கண்ணில் படாதது இல்லை என்றே எடுத்துக்கொண்டாள். உடம்பு அலுத்திருக்கும்போது மனசு அப்படித்தான் கணக்குப் போடும். எழுந்து பிரிண்ட் கொடுத்தாள். பின்கழுத்தில் மட்டும் ஏதோ ஊர்வது மாதிரி இருந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வெல்டர் வந்து சட்டத்தை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். கையில் பிடித்தபடி தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"நல்லா மூக்கும் முழியுமா இருக்கு சார்" என்றார் வெல்டர். நன்றாகப் பழகிய ஆள் ஒருத்தரைத் தெருவில் பார்த்து, பேர் வராமல் சிரிக்கிறவர் மாதிரி சிரித்தார். துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். சட்டம் கையில் இல்லை. பக்கத்தில் ஏழு வயசுப் பெண் பிள்ளை ஒன்று, அவர் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரட்டைப் பின்னல், ஒன்று மேலே, ஒன்று கீழே, வெல்டர் பின்னியது என்று பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "பாப்பா அந்த ரூமுக்குள்ள போக மாட்டேங்குது. படத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சிருக்கு. நான் நேரா வெச்சா கத்துது. அவ தம்பி சொல்றான், 'மச்சான், படம் ஜோரா இருக்கு, ஆனா யாரு இது'ங்கறான்."

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். குனிந்து பிள்ளையிடம் கேட்டாள்: "ஏன் கண்ணு, அம்மா படம் பிடிக்கலையா?"

"அது அம்மா இல்ல."

"பின்ன யாரு?"

"அம்மா மாதிரி வந்திருக்கிற ஒருத்தி." பிள்ளை அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசியது. "எங்க நின்னாலும் என்னையே பார்க்குது. சிரிக்குது, ஆனா சிரிக்கல."

"பாப்பா, அக்காகிட்ட அந்த இன்னொண்ணையும் சொல்லு" என்றார் வெல்டர். பிள்ளை முகத்தை இன்னும் உள்ளே நுழைத்துக்கொண்டது. அவரே சொன்னார். குரல் இறங்கிவிட்டது. "கண்ணை மூடினா முன்னாடி அம்மா வருமாம். இப்ப அதுதான் வருதாம். அம்மா முகம் மறந்துபோச்சுன்னு ராத்திரியெல்லாம் அழுவுதுக்கா. எனக்கும்…" என்று நிறுத்தினார். "எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் ஆகுது. நிஜ முகம் எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சா இவ குறுக்க வந்து நிக்கிறா."

ஸ்டுடியோக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

டாக்டரம்மாவுக்கு அது புதுச் செய்தியாக இருக்கவில்லை. நாலு நாளாக அவள் கண்ணுக்குள்ளும் அந்த முகம்தான். பாத்திரம் கழுவும்போது தட்டின் அடியில், பஸ் ஜன்னலில், மூடிய இமைக்குள். வேண்டாம் என்று தலையை உதறினாலும் அது கலையாது. மற்ற முகம் என்றால் ஞாபகத்தில் ஒரு பக்கமாகத் திரும்பும், ஒருக்களிக்கும், மங்கும். இது நேருக்கு நேராக, ஆணி அடித்தது மாதிரி நிற்கும்.

படத்தைத் திரையில் திறந்தாள். பிள்ளை பார்க்காதபடி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த முறை அலுப்பில்லாத கண்ணால் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் செய்த காரியம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

அசல் படத்தில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்திருந்தது, ஏதோ ஜன்னல். அப்படியானால் மறு கன்னம் கொஞ்சம் நிழலில் இருந்திருக்க வேண்டும். இவள் படத்தில் இரண்டு கன்னமும் ஒரே மாதிரி ஒளிர்ந்தன. இரண்டு கருவிழியிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி. ஒன்று இடது ஓரத்தில், ஒன்று வலது ஓரத்தில். ஒரே முகத்துக்கு இரண்டு ஜன்னல். உலகத்தில் எந்த அறையில் அப்படி உட்கார முடியும்? கருவிழி அசலில் மூக்குப் பக்கமாக லேசாக ஒதுங்கியிருந்தது, அந்தப் பெண் ஓரமாக எதையோ பார்த்திருக்கிறாள். அதைத் திருப்பி ஒட்டியதில் இரண்டு விழியும் உள்பக்கம் கூடிவிட்டன. மூக்கு நுனிக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களை முறைக்கிற பார்வை. எங்கே நின்றாலும் என்னையே பார்க்கிறது என்று பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை.

சிரிப்புதான் இருக்கிறதிலேயே மோசம். உயிரோடு இருக்கிற வாய் ஒரு பக்கம் முதலில் சிரிக்கும், மறு பக்கம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். எந்தப் பக்கம் முந்திக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் ஆளையே நாம் அடையாளம் பிடிக்கிறோம். இது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு. கடையில் தொங்கும் முகமூடி அப்படிச் சிரிக்கும்.

"அண்ணே" என்றாள் வெல்டரிடம், "பாதி முகத்தை வெச்சு நான் மீதியை ஊகிச்சேன்னு நினைச்சேன். ஊகிக்கல. இருந்த பாதியையே ரெண்டாவது தரம் சொல்லியிருக்கேன். காணாமப்போன பாதி காணாமத்தான் இருக்கு. அந்தப் பக்கம் வேற யாரோ வந்து உட்கார்ந்துட்டாங்க."

"இப்ப என்னக்கா பண்றது?"

"எனக்கு அவங்க குறையெல்லாம் வேணும்."

"குறையா?" வெல்டர் முகம் சிறுத்தது. "அவளைக் குறை சொல்லச் சொல்றீங்களா?"

"மூக்கு எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கும், எந்தக் கண்ணு சின்னது, எந்தப் புருவம் மேல போகும். அதெல்லாம். அந்தப் பக்கம் தெரியற மாதிரி எங்கேயாவது, யார் போன்லயாவது, ஒரு துண்டுப் படம் கிடைக்குமான்னும் பாருங்க. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல."

இரண்டு நாளில் ஒன்று கிடைத்தது. அந்தப் பெண் வேலை பார்த்த அட்டைப்பெட்டி கம்பெனியில் கூட வேலை செய்தவள் ஒருத்தியின் போனில், யாருக்கோ எடுத்த படத்தின் மூலையில், இவள் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நகம் அளவு முகம். இழுத்துப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. கோணமும் வேறு; அதை வெட்டி ஒட்ட முடியாது. ஆனால் காணாமல்போன பக்கம் அதில் இருந்தது. புருவம் வில்லாக ஏறியிருந்தது. வாயோரம் நன்றாக மேலே போயிருந்தது. வகிடு ஓரமாக ஓடியது.

வெல்டரும் பிள்ளையும் வந்து பின்னால் ஸ்டூலில் உட்கார, டாக்டரம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள். இப்போது கண்ணாடி போடவில்லை. எலும்பு எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள மட்டும் மங்கலாக ஒரு திருப்பிய நகலை அடியில் வைத்துக்கொண்டு, மேலே கையால் வரைந்தாள். கன்னத்தில் நிழல் இறக்கினாள். இரண்டாவது விழியின் வெள்ளைப் புள்ளியை முதல் விழியில் இருக்கிற அதே பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். அந்த விழியையும் முதல் விழி பார்க்கிற திசையிலேயே நகர்த்தினாள்.

வெல்டர் எழுந்தே விட்டார். "ஆங்! அப்படித்தான். நான் படம் எடுக்கும்போது பாப்பா என் வலது கைப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்துச்சு. 'ஆடாம நில்லுடி'ன்னு அதையே பார்த்துக்கிட்டு இருந்தா."

"புருவம்?"

"இந்தப் பக்கம் ஏறும்" என்று திரையின் வலது பக்கத்தைத் தொட்டார். "பொய் சொன்னா கண்டுபிடிக்கிற புருவம் அதுக்கா. சம்பள நாள்ல நல்லாவே ஏறும்."

"இல்ல" என்றது பிள்ளை.

அன்றைக்கு வந்ததிலிருந்து அது பேசியது அதுதான் முதல் தடவை. இறங்கி வந்து, திரையின் இடது பக்கத்தைக் காட்டியது. "இந்தப் பக்கம்தான் ஏறும்."

"இல்ல பாப்பா, அந்தப் பக்கம்தான் படத்துலயே இருக்கே. ஏறலையே."

"உனக்குத் தெரியாது! அம்மாவுக்கு இந்தப் பக்கம்தான்." "வகிடும் இந்தப் பக்கம். நீங்க எல்லாத்தையும் மாத்தி மாத்தி வெக்கிறீங்க. அம்மாவே வர மாட்டா."

"சும்மா இரு பாப்பா, பத்து வருஷம் கூட இருந்தவன் நான்" என்றார் வெல்டர். சொன்ன பிறகு, தன் பேச்சுக்குத் தானே பயந்தவர் மாதிரி டாக்டரம்மாவைப் பார்த்தார். "நானே மறந்துட்டேனாக்கா?"

கம்பெனிக்காரியின் போன் படம் வெல்டர் பக்கம்தான் சாட்சி சொன்னது. ஆனால் பிள்ளை பொய் சொல்கிற பிள்ளை இல்லை. டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பி அதன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"கண்ணு, அம்மாவை நீ எப்போ நல்லா பார்ப்ப?"

"காலையில."

"காலையில என்ன பண்ணுவீங்க?"

"அம்மா தலை பின்னும். நான் ஸ்டூல்ல உட்காருவேன். அப்புறம் அம்மா கம்பெனிக்குப் போயிடும். வரும்போது நான் தூங்கிடுவேன்."

"ஸ்டூல் எங்க இருக்கும்?"

"கண்ணாடி முன்னாடி."

டாக்டரம்மா பிள்ளையின் கோணல் பின்னல்களைப் பார்த்தாள். பிள்ளைக்குப் பின்னால் நின்று பின்னுகிறவளின் முகம் பிள்ளைக்கு எங்கே தெரியும்? எதிரே, கண்ணாடியில்தான். ஒவ்வொரு காலையும், பின்னல் முடிகிற வரைக்கும், அது பார்த்துப் பார்த்து மனசில் வாங்கிய அம்மா, இடம் வலம் மாறிய அம்மா. புருஷன் எதிரே நின்று பார்த்த முகம் ஒன்று. மகள் கண்ணாடியில் பார்த்த முகம் இன்னொன்று. இரண்டுமே அவள்தான். செத்துப்போனவள் தன் முகம் என்று நம்பியிருந்ததும் பிள்ளை பார்த்த முகத்தைத்தான். கண்ணாடியில் தவிர வேறெங்கே அவள் தன்னைப் பார்த்தாள்?

திரைப் பக்கம் திரும்பி வேலையை முடித்தாள். புருவத்தை வெல்டர் சொன்ன பக்கம் ஏற்றினாள். வாயோரத்தை முந்தவிட்டாள். அந்தக் கண்ணை மயிரிழை சின்னதாக்கினாள். மூக்கைக் கொஞ்சம் வளையவிட்டாள். வகிட்டை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். வெல்டரின் மூச்சு பின்னால் மெதுவாகிக்கொண்டே வந்தது. அவர் அழவில்லை. "வந்துட்டா" என்று மட்டும் சொன்னார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"கண்ணு, இங்க பாரு" என்று சொல்லி, எழுத்து அழிந்த அந்தப் பட்டனைத் தட்டினாள்.

முகம் திரும்பியது.

வெல்டர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தது. "அம்மா" என்றது, கூப்பிடுகிற குரலில், பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி. அப்புறம் திரைக்குக் கிட்டே வந்து, தன் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, அது கோணலாக இருக்கிறது என்று யாரிடமோ காட்டுவது மாதிரி நின்றது.

"ரெண்டு பிரிண்டா போடலாமா டாக்டரம்மா?" என்று ஸ்டுடியோக்காரர் மெல்லக் கேட்டார்.

"வேணாம்" என்றாள். "ஒண்ணு போதும்."

மறுநாள் அவளே சட்டத்தை எடுத்துக்கொண்டு வெல்டர் வீட்டுக்குப் போனாள். பீரோவோடு சேர்ந்த ஆளுயரக் கண்ணாடி. அதன் முன்னால் ஸ்டூல். அதற்கு நேர் எதிர்ச் சுவரில், ஒரு பெண் நின்றால் தலை வருகிற உயரத்தில் ஆணி அடிக்கச் சொன்னாள். வெல்டர் அறைக்குள் வந்து சுவரைப் பார்த்தால் அவருக்கு அவர் மனைவி. பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தால், தோளுக்குப் பின்னால், அவள் அம்மா. பிள்ளை உட்கார்ந்து பார்த்தது. ஒரு புருவத்தைத் தானும் ஏற்றிப் பார்த்தது. பிறகு கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "அப்பா, சீப்பு" என்றது.

கிளம்பும்போது வெல்டர் வாசல் வரை வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். செய்தித்தாள் சுற்றிய சட்டம், அவள் முதலில் கண்ணாடி போட்டுக் கொடுத்த படம்.

"இதை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்கக்கா. வீட்டுல வெக்க முடியல. கிழிக்கலாம்னு பார்த்தேன். கை வரல."

"ஏன்?"

"பாதி அவதானேக்கா."

டாக்டரம்மா பொட்டலத்துக்குக் கை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நடந்தாள். கடைத்தெருவில் நல்ல காற்று. பாதி வழியில் தாள் பிரிந்து பறந்துவிட்டது. பிடிக்கத் திரும்பியவள், ஒரு துணிக்கடையின் பெரிய கண்ணாடிக்கு எதிரே அந்தப் படத்தோடு நின்றாள். கண்ணாடிக்குள் எதிர்ச்சாரிக் கடைப்பலகையின் எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடியது. இடது தோளில் மாட்டியிருந்த பை வலது தோளுக்குப் போயிருந்தது. அவள் வகிடு இடம் மாறியிருந்தது. தெருவில் வலப்பக்கம் போன சைக்கிள்காரன் அங்கே இடப்பக்கம் போனான்.

அந்த முகம் மட்டும் வெளியே எப்படி இருந்ததோ உள்ளேயும் அப்படியே இருந்தது.

படத்தைத் தன் நெஞ்சுப் பக்கமாகத் திருப்பி அணைத்துக்கொண்டாள். சட்டையைத் தாண்டி, அந்த முகம் உள்ளே பார்த்துக்கொண்டே வந்தது.